இரவு இரண்டு மணிக்கு மரத்துப்போகும் கை

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் செய்து பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 600 பீஸ் வரை முடிப்பேன். இரண்டு வருடமாக இரவு இரண்டு மணிக்கு மேல் வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறேன். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உயிர் வருகிறது. மூன்று மாதமாக இடது கையிலும் அதேபோல் ஆரம்பித்திருக்கிறது. வலது கையில் ஆறு மாதமாகப் பகலிலும் பெருவிரல், ஆட்காட்டி விரல் நுனிகள் மரத்தே இருக்கின்றன; டிரிம்மர் கையிலிருந்து நழுவுகிறது. வாதம் என்கிறார்கள். நரம்பு ஊசி பத்து போட்டுக்கொண்டேன். ஒரு டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார்; இரண்டு வாரம் வேலை நேரத்தில் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார். எங்கள் தெருவில் ஒருவர் செய்துகொண்டும் அவருக்கு மரப்பு போகவில்லை. எனக்குச் சர்க்கரையும் உண்டு. ஆபரேஷன் செய்தால் கை பழையபடி வேலைக்கு ஆகுமா? பட்டையிலேயே சரியாக வழி உண்டா?

பதில்: அம்மா, இன்று இரவு கை மரத்து எழும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுண்டுவிரல் மரத்திருக்கிறதா? அவசரத்தில் கை முழுவதும் மரத்ததுபோல் தோன்றும். விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டுப் பாருங்கள். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருந்தால் நோயின் பெயரை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அது வாதம் அல்ல. கார்பல் டனல் சிண்ட்ரோம். உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது பெரிதும் அந்தத் திசையையே காட்டுகிறது. உதறினால் சரியாகிறது என்கிறீர்களே, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே நாங்கள் மணிக்கட்டைத்தான் முதலில் பார்ப்போம்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சுரங்கப் பாதை இருக்கிறது. அதன் தரையும் பக்கச் சுவர்களும் எலும்பு. கூரை, தடித்த வார் போன்ற ஒரு தசைநார். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பு என்ற ஒரே ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை சற்றுத் தடித்தாலும் இடம் போதாது. எலும்பு விலகாது, வார் இளகாது, நசுங்குவது நரம்புதான். பெருவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை உணர்வு தருவதும் பெருவிரலைத் தூக்கும் தசையை இயக்குவதும் அந்த நரம்பு. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு. அது இந்தச் சுரங்கத்துக்கு வெளியே செல்வதால் தப்பித்துக்கொள்கிறது.

பகலெல்லாம் வேலை செய்யும் கை ஓய்வெடுக்கும் இரவில் ஏன் மரக்க வேண்டும்? தூக்கத்தில் நம்மில் பலர் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிக் கன்னத்துக்கு அடியிலோ நெஞ்சோடு சேர்த்தோ வைத்துக்கொள்கிறோம். சுரங்கத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குழாய் செருகி அளந்தே பார்த்திருக்கிறார்கள். நல்ல கையில் அது சில மில்லிமீட்டர் பாதரசம்தான். இந்த நோய் உள்ள கையில் நேராக வைத்திருக்கும்போதே ஏறத்தாழ 30. மணிக்கட்டை முழுதாக மடக்கினால் 90-ஐத் தொடுகிறது. பின்பக்கமாக முழுதாக வளைத்தாலும் அதே கதைதான். 30-ஐத் தாண்டினாலே நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் தடுமாறும். போதாக்குறைக்குப் படுத்திருக்கும்போது உடலின் நீர் கைகளிலும் சேர்கிறது. விரல்கள் அசையாமல் இருப்பதால் அது வடிவதில்லை. நீங்கள் எழுந்து உதறும்போது மணிக்கட்டு நேராகிறது, ரத்தம் திரும்புகிறது. உயிர் வருகிறது என்று நீங்கள் எழுதியது சரியான வார்த்தை.

உங்கள் பட்டை ஏன் பலன் தரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அழுத்தம் ஏறுவது இரவில். நீங்கள் போட்டுக்கொண்டதோ பகலில். பட்டை கட்டிய கையோடு பிசிறு வெட்டினால் மணிக்கட்டு அசையாத குறையை விரல்கள் கூடுதலாக அழுத்தி ஈடுகட்டும். முழங்கையும் தோளும் வலிக்கும். வேலை நேரத்தில் கழற்றிவிடுங்கள். படுக்கப் போகும்போது கட்டி, காலையில் எழுந்த பிறகு கழற்றுங்கள். ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம், ஒரு இரவும் தவறாமல் போட்ட பிறகுதான் பட்டை உதவியதா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டு வாரம் போதாது.

கடைகளில் விற்கும் பட்டைகளில் பலரும் கவனிக்காத ஒரு கோளாறு உண்டு. உள்ளங்கைப் பக்கம் ஒரு பைக்குள் அலுமினியத் தகடு செருகியிருப்பார்கள். பல பட்டைகளில் அது மணிக்கட்டைப் பின்பக்கமாக 20, 30 டிகிரி தூக்கிவைக்கும்படி வளைந்திருக்கும். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் அந்த நிலை சௌகரியம், நரம்புக்கு அல்ல. நமக்கு வேண்டியது நேரான மணிக்கட்டு. ஒருவருக்குக் கைகுலுக்க நீட்டும்போது முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்குமே, அதுதான் அளவு. பையைத் திறந்து தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கித் திரும்பச் செருகுங்கள். பட்டையின் முன்முனை உள்ளங்கை ரேகையைத் தாண்டக் கூடாது. விரல்களை முழுதாக மடக்க முடிய வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நாமே வெளியிலிருந்து நரம்பை நசுக்குகிறோம்.

இடது கைக்கு இது போதுமானதாக இருக்கலாம். மூன்று மாதமாக, அதுவும் இரவில் மட்டும், வந்து போகிற மரப்பு என்றால் நரம்பு இன்னும் மூச்சுத் திணறலில்தான் இருக்கிறது, சேதப்படவில்லை. வலது கையைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நீங்கள் தூக்கம் கெடுவதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். என்னை உறுத்துவது பகலிலும் விரல் நுனி மரத்தே இருக்கிறது, டிரிம்மர் நழுவுகிறது என்ற வரி. வந்து போகும் மரப்பு வேறு, வந்து தங்கிவிட்ட மரப்பு வேறு. அது தங்கிவிட்டால் நரம்பின் இழைகள் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டன என்று பொருள். இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. நரம்பு மிகவும் கெட்டுப்போன பிறகு இரவு வலி தானாகவே குறைந்துவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுவார்கள். வலியைச் சொல்ல ஆளில்லாமல் போனதால் வந்த அமைதி அது.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். கும்பிடுவதைத் திருப்பிப் போட்டதுபோல் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மார்புக்கு நேரே வைத்துக்கொள்ளுங்கள். 60 விநாடிக்குள் அதே மூன்று விரல்களில் மரப்போ கூச்சமோ வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மற்றது முக்கியம். உள்ளங்கை வானத்தைப் பார்க்கக் கையை மேசைமேல் வைத்து, பெருவிரலை நேராக மேலே கூரையை நோக்கித் தூக்குங்கள். வேறொருவர் அதை மெதுவாகக் கீழே அழுத்தட்டும். வலது பெருவிரல் இடதைவிட எளிதாகச் சாய்ந்தாலோ, பெருவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு இடது கையில் உப்பியும் வலது கையில் தட்டையாகவும் இருந்தாலோ, வலது கைக்குப் பட்டையை நம்பிக் காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அப்படி இருந்தால் மாதக் கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

நரம்பு ஊசி பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கை மரத்தால் முதலில் கிடைப்பது அதுதான். அதில் இருப்பவை பி வகை வைட்டமின்கள். உடலில் அந்தச் சத்து உண்மையாகவே குறைந்திருந்தால் உதவும். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஆகையால் அதை ரத்தத்தில் அளந்து பார்ப்பது நியாயம். ஆனால் வார் நசுக்கும் நரம்புக்குச் சத்து ஏற்றுவது, கழுத்தில் கயிறு இறுகியவனுக்குச் சோறு ஊட்டுவது போல. பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக் கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதை மருந்துக் கடையில் யாரும் சொல்வதில்லை.

மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு வகை. தசைநாண் உறையின் வீக்கத்தை அது குறைக்கிறது. பல பேருக்குச் சில வாரங்களிலேயே நல்ல தூக்கம் கிடைக்கிறது. பிரிட்டனில் இரவுப் பட்டையையும் இந்த ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி முந்தியிருந்தது; ஆறு மாதத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. லேசான, நடுத்தர நிலைக்கு அது நல்ல கருவி. சதை மெலிந்த கைக்கு அதை நம்பி நாள் கடத்தக் கூடாது. உங்களுக்கு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆபரேஷன் பற்றி நான் பார்த்த ஒருவரின் கதையையே சொல்கிறேன். அவர் ஓவர்லாக் டெய்லர், 51 வயது. வலது கையில் மூன்று வருட மரப்பு, பெருவிரல் சதைமேடு நன்றாகவே தட்டை. இடது கையில் ஆறு மாதமாக இரவில் மட்டும். நரம்புக் கடத்தல் சோதனை செய்தோம். மெல்லிய மின்துடிப்பை அனுப்பி அது மணிக்கட்டைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் சோதனை. இடது கையில் சற்றே தாமதம். வலது கையில் ஆட்காட்டி விரலின் உணர்வுத் துடிப்பு பதிவாகவே இல்லை. ஆகவே இடதுக்கு நேராக்கிய பட்டை, வலதுக்கு ஆபரேஷன்.

உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் மரப்பு ஊசி. மயக்கம் இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு, அதற்குள் அந்த வாரை முழுவதுமாக நறுக்கிவிடுவது. கால் மணி நேர வேலை. அவர் எங்களோடு பேசிக்கொண்டேதான் படுத்திருந்தார். அன்று மாலை வீட்டுக்குப் போனார். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொன்னோம். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கச் சொன்னோம். 12-ஆம் நாள் தையல் பிரித்தோம். இரவில் எழுவது முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. இது இந்த ஆபரேஷனில் பெரும்பாலோருக்கு நடப்பது.

அடுத்தது எளிதாக இல்லை. தழும்பின் இரு பக்கமும் உள்ளங்கையின் அடி, ஊன்றினால் சுரீரென்று வலித்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழ அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்று ஐந்தாம் வாரம் கோபத்தோடு வந்தார். பிடியின் வலு முதலில் குறைந்து, மூன்று மாத அளவில் திரும்புவதே வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்தோம்; ஆனாலும் சொன்னதும் பட்டதும் ஒன்றாகாதே. ஏழாம் வாரம் மெஷினில் உட்கார்ந்தார், முதலில் அரை நாள். பெருவிரல் மரப்பு மெல்லப் போயிற்று. நடுவிரல் நுனியில் ஒரு வருடம் கழித்தும் கொஞ்சம் தங்கிவிட்டது. சதைமேடு திரும்ப உப்பவே இல்லை. இடது கை எட்டு வாரப் பட்டையில் வாரத்துக்கு ஓர் இரவு என்று இறங்கி, பிறகு அவருக்குத் தொல்லை தரவில்லை.

உங்கள் தெருவில் இருப்பவருக்கு ஏன் மரப்பு போகவில்லை என்பதற்கு இதில் ஒரு விடை உண்டு. ஆபரேஷன் நரம்பைச் செய்து தருவதில்லை. மேலே கிடக்கும் பாரத்தை எடுக்கிறது, அவ்வளவுதான். உயிரோடிருக்கும் இழைகள் தேறும். மாண்டவை மாதங்களாக, வருடமாக முயன்று ஓரளவு வளரும், அல்லது வளராது. அவர் காலம் கடந்து போயிருக்கலாம். வார் முழுவதும் அறுபடாமல் ஒரு விளிம்பு விட்டுப்போயிருந்தாலும் தொல்லை தொடரும்; அப்போது ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள்கூட நிம்மதி இருந்திருக்காது. மூன்றாவது, நோயே வேறாக இருந்திருக்கலாம். கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினாலும் இதே விரல்கள் மரக்கும்; ஆனால் கழுத்தைத் திருப்பினால் கூடும், கையை உதறினால் தீராது. தோலில் உணர்வில்லாத வெளிர்ந்த தேமல் இருந்தாலோ முழங்கையின் உள்பக்கம் கயிறுபோல் நரம்பு தடித்துத் தட்டுப்பட்டாலோ தொழுநோயைக் கட்டாயம் நினைக்க வேண்டும். நம் மாவட்டங்களில் அது முற்றாகப் போய்விடவில்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொரு குழப்பம் வரலாம். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும்தான் தொடங்கும், கை பிறகு. உங்கள் பாதங்கள் நன்றாக இருந்து கை மட்டும் மரக்கிறது என்றால் மணிக்கட்டுச் சுரங்கம்தான் முதல் சந்தேகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் அதிகம். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனை ஒதுக்க வேண்டியதில்லை. புண் ஆறுவதற்காக மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவைப் பார்த்துச் சீர்செய்துகொண்டு போனால் போதும். தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். அது குறைந்தவர்களுக்கும் இதே மரப்பு வரும், மாத்திரையிலேயே மட்டுப்படவும் கூடும்.

வேலையைப் பற்றி. ஒரு பீஸுக்கு ஆறு பிசிறு என்று வைத்தாலே 600 பீஸுக்கு 3,600 முறை பெருவிரலும் ஆட்காட்டி விரலும் டிரிம்மரை நசுக்குகின்றன. திரும்பத் திரும்பச் செய்வதோடு அழுத்தமும் மணிக்கட்டு வளைவும் சேரும்போதுதான் இந்தச் சுரங்கம் அதிகம் பாதிக்கப்படுகிறது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் கூலி குறையும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மற்ற இரண்டைப் பிடியுங்கள். மழுங்கிய டிரிம்மர் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் அழுத்தம் கேட்கிறது. ஒரு நூலை வெட்டிப் பாருங்கள்; இரண்டாம் முறை நசுக்க வேண்டியிருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். மேசை முழங்கை உயரத்துக்கு இருந்தால் மணிக்கட்டு வளையாது. உயரமான மேசையில் மணிக்கட்டை மடக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கும். ஸ்டூலை உயர்த்திப் பாருங்கள். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டால், நாளில் இரண்டு மணி நேரமாவது பிசிறு வெட்டாமல் பீஸ் மடித்து அடுக்கும் வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிட, உடுத்த, சின்ன வேலைகள் செய்யச் சில நாட்களிலேயே கை உதவும். இரண்டு கைகளுக்கும் ஒரே நாளில் செய்துகொள்ள யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளியலறைக்குப் போகக்கூட இன்னொருவர் தேவைப்படும்.

உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும் அந்த உரிமை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உரியது அது. குறித்த ஆறு மாதக் காலத்தில் 78 நாட்களுக்குப் பிடித்தம் கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழின்பேரில் விடுப்பு நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாட்களுக்கு வழக்கமாகப் பணம் வராது. சான்றிதழ் வாங்காமல் வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கும். ஆகவே தையல் பிரிக்கும் நாளில் கை இன்னும் வேலைக்கு ஆகவில்லை என்றால், அன்றே அடுத்த சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.